பாலத்துக்கு அப்பால் இரண்டு திட்டங்கள்

மருமகன் கார்த்திகையில் வெளிநாட்டுச் சொந்தக்காரரைக் கூட்டிப் போகும் திட்டத்தைக் காட்டினான். கிளிநொச்சியிலிருந்து பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு. காலையில் கடற்கரை. மழை பெய்தால் வற்றாப்பளை அம்மன் கோயில். இரவு எட்டு மணிக்குக் கிளிநொச்சியில் கொழும்பு பஸ். சில வருடங்களுக்கு முன் நான் போட்ட திட்டமும் அச்சு அசல் இதுதான். அதில் நான் விட்ட நான்கு பிழைகள் இவை.

மாற்று இடமும் அதே பாலத்துக்கு அப்பால்

அந்த வழியில் போனால் கடற்கரைக்கும் சரி, கோயிலுக்கும் சரி, வட்டுவாகல் பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். தாழ்வான, ஒடுங்கிய பாலம். நந்திக்கடல் களப்பு நிரம்பினால் தண்ணீர் மேலால் பாயும். நாங்கள் போன அன்று மழை விட்டு நல்ல வெயில். பாலத்தின் மேல் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர். இப்ப வடியும், இப்ப வடியும் என்று வானுக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தோம். பிறகு புதுக்குடியிருப்புக்குத் திரும்பி, ஒட்டுசுட்டான் சுற்றி முல்லைத்தீவு போய்ச் சேர, மத்தியானச் சாப்பாட்டு நேரமும் கடந்துவிட்டது.

மாற்று இடம் என்றால் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஏ9 வீதியோடு இருக்கும் முறிகண்டிப் பிள்ளையார் போதும். கும்பிட்டுவிட்டு, சுடச்சுட வறுத்த கச்சானோடு வானுக்குள் ஏறலாம். எங்கே போவது என்பதைப் பரந்தன் சந்தியிலேயே முடிவெடுங்கள். புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கும் ஒருவருக்குக் காலையில் போன் எடுத்தால் பாலம் எப்படி என்று சொல்லிவிடுவார்.

வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது

குளத்தைப் பாருங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால், மழை நின்ற பிறகும் முரசுமோட்டைப் பக்கம் பரந்தன் வீதியில் வெள்ளம் ஏறலாம்.

கால் மணித்தியாலமாகப் பிரித்து வைப்பது

நான்கு இடத்தில் பதினைந்து பதினைந்து நிமிடம் கூட்டி வைத்திருந்தேன். ஒரு இடத்தில் தேத்தண்ணி, இன்னொரு இடத்தில் போட்டோ என்று அது தன்பாட்டில் கரைந்தது. இப்போது பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் ஒரே துண்டாக விடுகிறேன். அதில் கை வைப்பதில்லை. நேரம் பிந்தினால் எந்த இடத்தை விடுவது என்பதும் முதல் நாளே முடிவு.

பெட்டிகளை விட்டுப் போவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். அன்று முல்லைத்தீவிலிருந்து நேரே மாங்குளத்துக்கு வந்திருக்கலாம். கிளிநொச்சியில் புறப்படும் கொழும்பு பஸ் எப்படியும் மாங்குளத்தைத் தாண்டித்தான் போகும். நடத்துனருக்கு ஒரு போன் எடுத்திருந்தால் சந்தியில் ஏற்றியிருப்பார். ஆனால் பெட்டிகள் கிளிநொச்சி அறையில். அவற்றை எடுக்க வடக்கே ஓடினோம். கொக்காவில் தாண்டும்போது எங்கள் பஸ் எதிரே வந்து எங்களைக் கடந்து போனது. பெரியம்மா மட்டும் கை காட்டினா.

மருமகனின் தாளில் நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: பெட்டி வானுக்குள்.