காந்தாரத்தைக் குரலுக்கு விட்டுவிடுங்கள்: பாப் பங்க் கோரஸ் ஒன்றை அமைக்கும் முறை

பாப் பங்க் பாடல்களில் கிட்டார் முரட்டுத்தனமாக இரைந்துகொண்டிருக்கும்போதே, அதன் மேல் வரும் மெட்டு முதல் முறை கேட்பவரையும் கூடவே பாட வைத்துவிடுகிறது. எதிர்ப்பும் நட்பும் இப்படி ஒன்றாக ஒலிப்பதற்கு முக்கியக் காரணம், கிட்டார் வாசிக்காமல் விடும் ஒரு சுரத்தைக் குரல் எடுத்துப் பாடுவதுதான் என்று நான் கருதுகிறேன். இதை நான்கு கார்டுகள் கொண்ட ஒரு சிறு கோரஸை அமைத்தே பார்க்கலாம்.

முதற்படி: நான்கு பவர் கார்டுகள்

ஜி, டி, ஈ, சி என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் சுட்டுவிரலையும், ஐந்தாம், நான்காம் தந்திகளின் ஐந்தாம் ஃப்ரெட்டில் மற்ற இரு விரல்களையும் வைத்தால் ஜி பவர் கார்டு கிடைக்கும். கை வடிவத்தை மாற்றாமல் சுட்டுவிரலை ஐந்தாம் தந்திக்குக் கொண்டுவந்து ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்தால் டி, ஏழாம் ஃப்ரெட்டில் ஈ, மூன்றாம் ஃப்ரெட்டில் சி. மற்ற தந்திகள் ஒலிக்காதபடி சுட்டுவிரலின் அடிப்பகுதியால் லேசாகத் தொட்டு அடக்க வேண்டும்.

இந்தக் கார்டில் ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டுமே உள்ளன. அது மகிழ்ச்சியானதா சோகமானதா என்று சொல்லும் காந்தாரம் இல்லை. டிஸ்டார்ஷன் கூடும்போது காந்தாரம் கலந்த முழு கார்டு குழம்பிய இரைச்சலாகிவிடும் என்பதால், அந்த வெறுமை ஒலிக்குத் தெளிவையும் கடினத்தையும் தருகிறது.

இரண்டாம் படி: வேகம்

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 180 அடிகளில் வைத்து, ஒரு அடிக்கு இரண்டு டவுன் ஸ்ட்ரோக் வீதம் வாசிப்பதே இலக்கு. அதாவது நொடிக்கு ஆறு முறை. எல்லாவற்றையும் மேலிருந்து கீழாகவே அடிக்கும் இந்தப் பழக்கத்தை, 1976ஆம் ஆண்டின் முதல் ஆல்பத்திலேயே 14 பாடல்களை அரைமணி நேரத்துக்குள் முடித்த ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன் நிலைநிறுத்தினார். மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் எளிதுதான், ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரே அழுத்தத்தில் விழும் அந்த முரட்டுத் தன்மை குறைந்துவிடும். 120இல் தொடங்கி, முன்கை இறுகாமல் வாசிக்க முடிந்த பிறகே பத்துப் பத்தாக ஏற்றுங்கள். கை வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: மெட்டு

ஒரு கார்டுக்கு நான்கு அடிகள் என்றால், நான்கு கார்டுகளும் ஒரு சுற்று வர ஐந்து நொடிகளுக்குச் சற்று மேல் ஆகும். கிட்டார் இவ்வளவு விரைவாக ஓடும்போது குரல் அதோடு போட்டியிடக் கூடாது. ஒவ்வொரு கார்டின் தொடக்கத்திலும் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தால் போதும். பி, ஏ, ஜி, ஈ என்று இறங்கும் வரியைப் பாடிப் பாருங்கள். ஜி கார்டின் மேல் பி என்பது அந்தர காந்தாரம். கிட்டார் விட்ட இடம் நிரம்பியவுடன் ஒலி மலர்ந்துவிடுகிறது. டி கார்டின் மேல் ஏ வெறும் பஞ்சமம், அங்கே மெட்டு சற்று இளைப்பாறுகிறது. ஈ கார்டின் மேல் வரும் ஜியோ அந்தர காந்தாரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த, சாதாரண காந்தாரம் எனப்படும் சுரம் ஆகையால் ஒரு கணம் ஏக்கம் எட்டிப்பார்க்கிறது. அடுத்து சி கார்டின் மேல் ஈ வந்து மீண்டும் இனிமையாக்குகிறது. இந்த வகைப் பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மூன்றாம் கார்டுதான், ஏனெனில் ஆர்ப்பாட்டத்தின் நடுவே அது மனத்தைத் தொடுகிறது.

இரண்டாம் சுற்றில் அதே வரியையே திரும்பப் பாடி, கடைசிச் சுரத்தை மட்டும் ஈக்குப் பதிலாக ஜிக்கு உயர்த்துங்கள். முதல் சுற்றிலேயே மெட்டைப் பிடித்துக்கொண்டவர் இரண்டாவதில் சேர்ந்து பாட முடியும், முடிவில் சிறு வியப்பும் இருக்கும். நீளும் சுரங்களில் நெடில் ஒலியுள்ள சொற்களை வையுங்கள். 'ஆ', 'ஓ' போன்றவை கத்திப் பாடினாலும் சிதையாது.

நான்காம் படி: கோரஸுக்கு முந்தைய பகுதி

வெர்ஸிலும் அதே கார்டுகளையே, வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜுக்கு அருகே தந்திகளின் மேல் வைத்து, அடங்கிய ஒலியில் வாசியுங்கள். குரல் கோரஸைவிடக் கீழே, பேச்சைப் போல நெருக்கமான சொற்களுடன் நகரட்டும். வெர்ஸின் கடைசி இரண்டு அடிகளில் கிட்டாரை முழுவதுமாக நிறுத்திவிட்டு, கோரஸின் முதல் அடியில் கையை எடுத்துத் திறந்து அடித்தால், புதிய கார்டு எதுவும் இல்லாமலேயே பாடல் பெரிதாகிவிடும்.

அமைத்ததைக் கைபேசியில் பதிவு செய்து, முதலில் கிட்டாரை மட்டும் கேளுங்கள். கார்டு மாறும் இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் ஆம்ப்பின் கெயினைக் குறையுங்கள். பிறகு கிட்டார் இல்லாமல் மெட்டை மட்டும் பாடிப் பதிவு செய்யுங்கள். அது தனியாகவே இனிமையாக ஒலிக்காவிட்டால் வேகத்தைக் கூட்டுவதால் பயன் இல்லை, மூன்றாம் படிக்குத் திரும்பிச் சுரங்களை மாற்ற வேண்டும்.