ஒன் ஆகாத லெப்டொப்பைத் திருத்தக் கொடுக்குமுன் செய்யும் தவறுகள்

மலையகத்தில் லெப்டொப் சாகிற காலம் பெரும்பாலும் இடிமழைக் காலம்தான். சார்ஜரில் போட்டபடி விட்டிருப்போம். பின்னேரம் ஓர் இடி விழும், அப்புறம் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் லைட்கூட வராது. மறுநாள் பஸ் ஏறி ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுப்போம். கடைக்காரர் இரண்டு கேள்விதான் கேட்பார்: என்ன பிரச்சினை, பாஸ்வேர்ட் என்ன. இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு பில்லோடு திரும்பி வந்துவிடுகிறோம்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள்தான். ஆனால் அந்த மேசையில் உங்கள் லெப்டொப் ஒரு கிழமை கிடக்கும். வேலை பழகும் பையன் தொடுவான், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார், அங்கே முடியாவிட்டால் கண்டிக்கோ கொழும்புக்கோ பார்சலில் போகும். உள்ளே இருப்பதோ அடையாள அட்டை ஸ்கேன், வங்கிப் புத்தகம், குடும்பப் படங்கள், டீச்சராக இருந்தால் பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல்.

இதில் முதல் தவறு, "பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேனே" என்று நிம்மதியாக இருப்பது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்கும் பாஸ்வேர்ட் விண்டோஸுக்குள் நுழைவதைத்தான் தடுக்கும். கோப்புகள் டிஸ்கில் அப்படியே திறந்த நிலையில் கிடக்கின்றன. டிஸ்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி கேபிளில் மாட்டி வேறு கணினியில் செருகினால், உங்கள் விண்டோஸ் தொடங்கவே தேவையில்லை. `Users` என்ற ஃபோல்டரைத் திறந்து உங்கள் பெயரை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும்: "You don't currently have permission to access this folder." அதன் கீழேயே Continue என்ற பட்டனும் இருக்கும். அதை அழுத்திக் கொஞ்சம் காத்திருந்தால் போதும், படங்கள், டொகியுமென்ட், டவுன்லோட் எல்லாம் வரிசையாகத் தெரியும். பாஸ்வேர்ட் எங்கேயும் கேட்கப்படுவதில்லை.

விண்டோஸுக்கு முன்பே மெஷினைத் தொடக்கி வைக்கும் பயோஸில் போடும் பாஸ்வேர்டும் இப்படித்தான். அது அந்த மெஷினைத் தொடங்க விடாது, டிஸ்க் வேறு மெஷினுக்குப் போனதும் அதற்கு வேலை இல்லை. சில பயோஸ்களில் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட் என்று தனியாக ஒன்று உண்டு. அது டிஸ்கையே பூட்டும் என்பதால் வேறு கதை, ஆனால் நம்மில் அதைப் போட்டு வைத்திருப்பவர்கள் குறைவு.

உண்மையில் காப்பது குறியாக்கம்தான். விண்டோஸில் அதன் பெயர் பிட்லொக்கர். ஹோம் பதிப்பில் இருப்பது அதன் எளிய வடிவம், அங்கே அதற்கு Device encryption என்று பெயர். அது போட்டிருந்தால் டிஸ்கில் இருப்பதெல்லாம் சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாறியிருக்கும். இங்கேதான் இரண்டாவது தவறு: தன் லெப்டொப்பில் இது இருக்கிறதா என்று தெரியாமலே ஒரு பக்கம் ஊகித்துக்கொள்வது. விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்போடு வரும் புதிய லெப்டொப்பில், மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து தொடங்கியிருந்தால், உங்களுக்குச் சொல்லாமலே அது போடப்பட்டிருக்கலாம். பழைய மெஷினில் கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸ், கணக்கு எதுவும் இல்லாமல் வெறும் பெயரும் பாஸ்வேர்டும் என்றால், பெரும்பாலும் பாதுகாப்பு இருக்காது.

லெப்டொப் ஒன் ஆகாத நிலையில் இதைப் பார்க்க நம்பகமான வழி, டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டு, நம்பிக்கையான ஒருவரின் விண்டோஸ் கணினியில் செருகிப் பார்ப்பதுதான். ஐகனில் பூட்டுப் படம் வந்து சாவி கேட்டால் பூட்டியிருக்கிறது. ஃபோல்டர்கள் நேரே திறந்தால் கடையிலும் அப்படியே திறக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புதிய மெஷினில் மைக்ரோசொஃப்ட் கணக்கு போடாமல் விட்டிருந்தால், டிஸ்க் முழுக்கக் குறியாக்கம் ஆகியிருக்கும், ஆனால் சாவியும் அதே டிஸ்கில் வெளிப்படையாகக் கிடக்கும். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போவதுபோல. அதனால் "என்கிரிப்ட் ஆகியிருக்கு" என்று யாராவது சொன்னதை நம்புவதைவிட, செருகிப் பார்த்ததை நம்புங்கள்.

மூன்றாவது தவறுதான் பெரியது. தேவையே இல்லாமல் டிஸ்கையும் சேர்த்துக் கொடுப்பது. பவர் வரவில்லை, சார்ஜ் ஏறவில்லை, திரை கறுப்பு, கீபோர்ட் வேலை செய்யவில்லை, மதர்போர்ட் போய்விட்டது, இவற்றில் எதற்கும் உங்கள் டிஸ்க் தேவையில்லை. திருத்தியவுடன் பயோஸ் திரை வருகிறதா என்று பார்க்கலாம், ஸ்பீக்கர், வைஃபை பார்க்க வேண்டுமென்றால் கடையில் இருக்கும் வேறு டிஸ்கையோ பென் டிரைவையோ மாட்டிப் பார்க்கலாம். "ஹார்ட் டிஸ்க் கழற்றி வைத்திருக்கிறேன், பயோஸ் வரைக்கும் வந்தால் போதும் அண்ணே" என்று சொன்னால் வேலை தெரிந்தவருக்குப் புரியும். டிஸ்க் இல்லாமல் பார்க்கவே முடியாது என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். பில்லில் "ஹார்ட் டிஸ்க் இன்றி" என்று எழுதி வாங்குங்கள்.

கழற்றுவது பயப்படுகிற அளவு கடினமில்லை, ஆனால் அவசரப்பட்டால் கெடும். சார்ஜரை எடுத்துவிட்டு, அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். சில ஸ்க்ரூ ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நீளம் வேறு வேறாக இருக்கும், ஆகவே ஒரு தாளில் லெப்டொப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூ குட்டை இடத்தில் போனால் மறுபக்கம் குத்தும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் வயர் செருகியிருக்கும் கனெக்டரைக் கழற்றுவது. அப்புறம் பவர் பட்டனை ஒரு 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அதைக் கடையில் உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள்.

டிஸ்க் இரண்டு வடிவில் வரும். ஒன்று உள்ளங்கை அகலப் பெட்டி, ஓரத்தில் நாலு ஸ்க்ரூ, பக்கவாட்டில் இழுத்தால் கழன்று வரும். மற்றது எம்.2 என்ற மெல்லிய அட்டை, பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 நீளமும். அதன் நுனியில் ஒரே ஸ்க்ரூ. அதை எடுத்ததும் நுனி தானாக மேலே எழும், அந்தச் சாய்விலேயே ஓரத்தைப் பிடித்து இழுங்கள், பொற்காசு நிறப் பல்லைத் தொடாதீர்கள். இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று: பல லெப்டொப்பில் இரண்டுமே இருக்கும். விண்டோஸ் எம்.2-இல், படங்கள் பெரிய பெட்டியில். எம்.2-ஐக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் போனால் படங்கள் கடையில்தான். சிடி டிரைவ் இருந்த இடத்தில்கூட யாராவது ஒரு டிஸ்கை மாட்டியிருப்பார்கள். பக்கத்து ஓட்டையில் மெமரி கார்ட் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கழற்றியதை நிலைமின் தடுக்கும் உறையில் போட்டு, இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் திறந்த ராக்கையில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம்.

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் மெஷினைத் திறக்கும் முன் ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள். அவர்களே உங்கள் முன்னால் கழற்றித் தந்தால் அதுவே நல்லது.

சரி, டிஸ்க் பூட்டியிருக்கிறது என்றால் அப்படியே கொடுத்துவிடலாமா? கொடுக்கலாம், சாவி உங்கள் கையில் இருந்தால். இதைத்தான் தலவாக்கலைப் பக்கத்து டீச்சர் ஒருவரின் லெப்டொப் காட்டியது. இடியில் மதர்போர்ட் போய், வேறொன்று மாட்டினார்கள். பிட்லொக்கரின் சாவியைத் தாங்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் மதர்போர்டோடு சேர்ந்தது. அது மாறியதும் பழைய டிஸ்க் இந்த மெஷினை அடையாளம் காணவில்லை. ஒன் ஆனதும் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது, ஆறு ஆறாக எட்டுக் கூறு. அதே திரையில் Recovery key ID என்று ஓர் எண்ணும் இருந்தது.

சாவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், account.microsoft.com/devices/recoverykey என்ற பக்கத்தில் ஃபோனிலேயே பார்க்கலாம். டீச்சர் தன் கணக்கில் பார்த்தார், ஒன்றும் இல்லை. காரணம், லெப்டொப் வாங்கிய நாளில் கடைப் பையன் "நான் செட் பண்ணித் தாறேன் டீச்சர்" என்று தன் மின்னஞ்சலால் கணக்குப் போட்டிருந்தான். சாவி போய் உட்கார்ந்தது அவன் கணக்கில். நல்ல வேளை, அவன் இன்னும் அங்கே வேலை செய்தான். அவன் கணக்கில் பல பேருடைய சாவிகள் இருந்தன. திரையில் தெரிந்த எண்ணின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுத்துத் தந்தான். அவன் வேலையை விட்டுப் போயிருந்தால் டீச்சருக்கு வழி இல்லை. சாவி எங்கும் இல்லாவிட்டால் மைக்ரோசொஃப்ட்டாலும் திறக்க முடியாது.

பழைய சாவி இன்னும் இன்னொருவர் கணக்கில் இருக்கிறதல்லவா? அதனால் மெஷின் உயிர் பெற்றதும் டீச்சர் தன் சொந்தக் கணக்கால் உள்நுழைந்து, Device encryption-ஐ ஒருமுறை நிறுத்தி, குறியாக்கம் முழுதும் நீங்கியதும் மறுபடி போட்டார். அப்போது புதிய சாவி உருவாகி அவர் கணக்கில் சேர்ந்தது. சரியாகிவிட்டதா என்று நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டிப் பார்க்கலாம்:

```
manage-bde -status C:
```

`Protection On` என்று வர வேண்டும். `Protection Off` என்றால், நூறு சதவீதம் குறியாக்கம் என்று மேலே காட்டினாலும் டிஸ்க் திறந்தே கிடக்கிறது.

இன்னொன்று. பூட்டிய டிஸ்கோடு மெஷினைக் கொடுத்துவிட்டு, விண்டோஸுக்குள் நுழையும் பின் நம்பரைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண பிட்லொக்கர், மெஷின் தன் டிஸ்கோடு நல்லபடி தொடங்கினால் தானாகத் திறந்துகொள்ளும். அப்போது கோப்புகளுக்கும் மற்றவருக்கும் நடுவே நிற்பது அந்தப் பின் நம்பர் மட்டும்தான். அதைக் கொடுத்தால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட் உட்பட எல்லாம் கொடுத்ததுதான். பயோஸ் வரைக்கும் போதும் என்றால் அவருக்கு அது தேவையே இல்லை.

லெப்டொப் கையில் இல்லாதபோதும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஃபோனில் வட்ஸ்அப்பைத் திறந்து இணைத்த சாதனங்கள் பகுதியில் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குள் உங்கள் சாதனங்கள் பட்டியலிலும் அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

சில மெஷினில் கழற்ற எதுவும் இல்லை. மலிவான சிறிய லெப்டொப்களில் சேமிப்புச் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே குறியாக்கம் முன்பே போட்டிருந்தால்தான் உண்டு. ஒன் ஆகாத மெஷினில் இப்போது புதிதாகப் போட முடியாது. அப்போது ஒரு நாள் ஒதுக்கி, கடையில் உட்கார்ந்து கண்முன் திருத்தி வாங்குவதே மிஞ்சியிருக்கும் வழி. டிஸ்கே "டக் டக்" என்று சத்தம் போட்டுக் கெட்டிருந்தால், உள்ளிருப்பதை மீட்க டிஸ்கைக் கொடுத்தேயாக வேண்டும், பூட்டியிருந்தால் சாவியையும் சேர்த்து. அந்த ஒரு விஷயத்தில் ஆளைப் பார்த்து நம்புவதைத் தவிர வேறு பூட்டு இல்லை, ஆகவே அதுவரை மறுபடி மறுபடி ஒன் பண்ணிப் பார்க்காமல் டிஸ்கை அப்படியே வைத்திருங்கள்.