பொருள் வரியை இணைப்புக்குள் வைக்காதீர்கள்: லண்டன் வாடகை வீட்டில் ரிப்பேர் மெயில் எழுதுவது

ஈஸ்ட் ஹாமில் வீடு எடுத்து வந்த முதல் குளிர்காலத்தில் 12 நாள் ஹீட்டிங் இல்லாமல் இருந்தோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பாய்லர் கெட்டுப்போனது யாருடைய தவறும் இல்லை. ஆனால் அந்த 12 நாளில் 10 நாள், நான் எழுதிய கடிதத்தை ஒருவரும் திறந்து பார்க்காததால் போனது. புதிதாக வருகிறவர்கள் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஹீட்டிங், சுடுதண்ணீர் இரண்டையும் ரிப்பேர் செய்து தருவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. 1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், பிரிவு 11 இதைச் சொல்கிறது. ஆனால் பழுது அவருக்குத் தெரிந்த பிறகுதான் அந்தப் பொறுப்பு தொடங்கும். ஆகவே நீங்கள் என்றைக்குத் தெரிவித்தீர்கள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. உரிமையாளருக்காக ஏஜென்சி வீட்டை நிர்வகித்தால் ஏஜென்சிக்குத் தெரிவிக்க வேண்டும். பாய்லரை நீங்களோ தெரிந்தவரோ கழற்றக் கூடாது. கேஸ் சேஃப் பதிவு பெற்ற இன்ஜினியர்தான் தொடலாம். கேஸ் வாடை வந்தால் மெயிலெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 0800 111 999க்கு போன் செய்யுங்கள். சரி, இனி என் கதை.

ஜனவரி 9, வெள்ளிக்கிழமை மாலை பாய்லர் நின்றது. ஏஜென்சிக்கு போன் செய்தேன். "மெயில் போடுங்கள்" என்றார்கள். எழுத்தில் கொடுப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அப்பா மன்னார்குடி தாலுகா ஆபீஸ் வாசலில் இருபது வருஷத்துக்கு மேல் மனு எழுதிக் கொடுத்தவர். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று அவர் வரிசையாகப் போடும் அழகைப் பார்த்தே நான் எழுதக் கற்றேன். அவர் எழுதிய மனு திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பெருமையோடு உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் செலவழித்து, ஒரு பக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் வேர்டில் அடித்தேன். பிடிஎஃப் ஆக்கி மெயிலில் இணைத்தேன். சப்ஜெக்ட் வரியில் 'வேண்டுகோள் கடிதம்' என்று போட்டேன். உள்ளே 'மதிப்பிற்குரிய ஐயா, இத்துடன் இணைத்துள்ள கடிதத்தைப் பார்க்கவும்' என்று ஒரே வரி.

செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். "மெயில் போட்டீர்களா?" என்றார்கள். போட்டாச்சு என்றேன். "அப்படியானால் பார்க்கிறோம்" என்றார்கள். வெள்ளிக்கிழமையும் அதே பதில்தான் வந்தது. 19ஆம் தேதி திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேரிலேயே போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையானவர். என் மெயில் முகவரியைத் தேடி எடுத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அலுவலகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பார்க்கும் ஒரே இன்பாக்ஸ். வரிசையாக மெயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கோடு இடம். அந்தக் கோட்டில் அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், அப்புறம் மெயிலின் முதல் சில வார்த்தைகள் தெரிகின்றன. எனக்கு மேலே இருந்த ஒரு மெயிலில் 'சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, 14ஆம் நம்பர்' என்று இருந்தது. அதற்கு ஆள் போய்விட்டதாகப் பச்சை நிற அடையாளம் வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே என்னுடையது: என் பெயர், 'வேண்டுகோள் கடிதம்', 'மதிப்பிற்குரிய ஐயா, இத்துடன் இணைத்து...' அவ்வளவுதான். பாய்லர் என்ற சொல்லே அந்தக் கோட்டில் இல்லை. "வாடகை ஒப்பந்தம் சம்பந்தமான ஏதோ காகிதம் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்" என்றார் அவர்.

அங்கே நின்றபடியே என் பிடிஎஃபைத் திறந்து பார்த்தேன். அப்பா சொல்லிக் கொடுத்தபடியே நடுவில் தடித்த எழுத்தில் 'பொருள்: வெப்பமூட்டும் கொதிகலன் பழுது தொடர்பாக' என்று இருந்தது. எழுத வேண்டியதை நான் எழுதித்தான் இருந்தேன். அதை இரண்டு தடவை க்ளிக் செய்தால் மட்டும் தெரிகிற இடத்தில் எழுதியிருந்தேன். தாலுகா ஆபீஸில் தபால் பிரிக்கிற கிளார்க் காகிதத்தைக் கையில் எடுத்ததுமே பொருள் வரி கண்ணில் படும், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று அதை வைத்து முடிவு செய்வார். இங்கே அந்த வேலையைச் செய்கிறவர் பார்ப்பது இன்பாக்ஸின் ஒரு கோடு. ஆகவே பொருள் வரி அங்கேதான் இருக்க வேண்டும்.

இன்ஜினியர் 21ஆம் தேதி வந்து அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டார். அதற்குள் இரண்டு எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்கியிருந்தோம், ஒன்று 40 பவுண்ட். ஒவ்வொன்றும் 2 கிலோவாட். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போட்டால் ஒன்றுக்கு 16 யூனிட். யூனிட் சுமார் 25 பென்ஸ் என்று வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 பவுண்ட், 12 நாளுக்கு 96 பவுண்ட். இதைக் கேட்டபோது ஏஜென்சி, நான் பழுதைத் தெரிவித்தது 19ஆம் தேதிதான் என்று சொல்லி, இரண்டு நாளுக்கு 16 பவுண்ட் தருவதாக எழுதியது. 9ஆம் தேதி மெயிலைக் காட்டினேன். 'அதில் பழுது பற்றி எதுவும் குறிப்பிடப்படவில்லை' என்று பதில் வந்தது. இணைப்பில் இருக்கிறது என்று வாதாடியிருக்கலாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதற்குத் தெம்பு இல்லை, விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இனி அந்தக் கடிதத்தை எப்படி மாற்றினேன் என்பதைக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். பழைய கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் கடந்த செப்டம்பர் மாதம் முதல் என் மனைவி மற்றும் மகளுடன் வசித்து வருகிறேன். தங்கள் நிறுவனத்தின் மூலம் இவ்வீட்டைப் பெற்றதில் மகிழ்ச்சி அடைகிறேன். தற்போது எங்கள் இல்லத்தின் கொதிகலன் சரிவர இயங்கவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். இதனால் நாங்கள் மிகுந்த சிரமத்திற்கு உள்ளாகியுள்ளோம். ஆகவே தாங்கள் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அனுப்புநர், பெறுநர், தேதி மூன்றும் மெயிலிலேயே தானாக வந்துவிடுகின்றன. அவற்றை மறுபடி அடிக்க வேண்டாம். முகவரி மட்டும் வேண்டும், அது சப்ஜெக்டிலும் கையெழுத்துக்குக் கீழேயும் போகட்டும். அடுத்தது தொடக்கம். 'மதிப்பிற்குரிய ஐயா'வுக்குப் பதில் 'ஹாய்' போட்டு, அவருடைய முதல் பெயர். பெயர் தெரியாவிட்டால் வெறும் 'ஹலோ' போதும். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்குக் கை வரவே இல்லை, முதல் சில மாதம் அடித்து அடித்து அழித்தேன். ஆனால் அந்த இன்பாக்ஸைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள், அவர்களுக்கு 'ஐயா' என்று எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே அது மரியாதையாகப் போய்ச் சேரவில்லை.

வசித்து வருகிறேன், மகிழ்ச்சி அடைகிறேன் என்ற இரண்டு வாக்கியமும் போகட்டும். ஊரில் மனு கொடுப்பவர் தான் யார் என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும், அதனால் அந்த வரிசை. ஏஜென்சிக்கு நீங்கள் யார் என்று தெரியும். உங்கள் பெயரில் ஒப்பந்தம் இருக்கிறது. 'தற்போது' என்பது தேதியாக மாற வேண்டும். 'சரிவர இயங்கவில்லை' என்பதும் உதவாது. ஹீட்டிங் மட்டும் இல்லையா, சுடுதண்ணீரும் இல்லையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக 'ஆவன செய்யுமாறு' போக வேண்டும். ஊரில் அதிகாரிக்கு இதைச் செய்யுங்கள் என்று சொல்வது மரியாதைக் குறைவு, எது ஆவன என்பதை அவரே முடிவு செய்வார். இங்கே மெயிலைப் படிப்பவர் அதை அப்படியே இன்ஜினியருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.

இப்படி வந்தது:

சப்ஜெக்ட்: பாய்லர் ஓடவில்லை, ஹீட்டிங், சுடுதண்ணீர் இல்லை – ஃபிளாட் 3, தெருப் பெயர்

'ஹாய் (பெயர்),

ஜனவரி 9 வெள்ளி மாலையிலிருந்து பாய்லர் எரியவில்லை. ஹீட்டிங்கும் இல்லை, சுடுதண்ணீரும் இல்லை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள்.

பிரஷர் 1.2 பார் காட்டுகிறது. இரண்டு முறை ரீசெட் செய்தும் அதே பிழை எண் வருகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

நாளை அல்லது திங்கட்கிழமை இன்ஜினியரை அனுப்ப முடியுமா? இரண்டு நாளும் காலை 8 மணியிலிருந்து வீட்டில் இருப்போம்.

நன்றி,
பெயர், ஃபிளாட் 3, போன் எண்'

சப்ஜெக்டில் பழுதை முதலில் போட்டதற்குக் காரணம், போனில் பார்த்தால் நீளமான வரியின் வால் வெட்டுப்பட்டுவிடும். 'அவசரம்' என்று மட்டும் எழுதாதீர்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பிரஷர் எண் எதற்கு என்றால், பாய்லர் ஆறியிருக்கும்போது அது 1க்கும் 1.5க்கும் நடுவில் இருப்பதுதான் வழக்கம். அதற்குக் கீழே போயிருந்தால் தண்ணீர் ஏற்றினாலே சரியாகலாம். ஏஜென்சி கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரு நாள் மிச்சம்.

கடிதத்துக்கு இங்கே இடமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஏஜென்சி மீதே முறையான புகார் கொடுக்கும்போது தேதி வாரியாக, நடந்ததெல்லாம் எழுதிய கடிதம் வேண்டும். எட்டு வாரத்தில் திருப்தியான பதில் வராவிட்டால் அந்த ஏஜென்சி சேர்ந்திருக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்கு அதைத்தான் கொண்டுபோவீர்கள். அந்தக் கடிதத்தை அனுப்பும்போதும் மெயிலின் சப்ஜெக்டில் 'முறையான புகார்' என்றும் முகவரியும் போட்டு, என்ன புகார் என்பதை மெயிலுக்குள்ளேயே இரண்டு வரியில் சொல்லிவிட்டு, பிறகு கடிதத்தை இணையுங்கள்.

பதில் வராவிட்டால் புது மெயில் தொடங்காமல், அனுப்பிய பழைய மெயிலுக்கே பதிலாக 'இன்னும் ஆள் வரவில்லை, எப்போது வருவார்?' என்று எழுதுங்கள். முதல் தேதி கீழேயே நிற்கும். ஆனால் அடுத்த மாதம் குளியலறை விசிறி கெட்டுப்போனால் அதை இந்த பாய்லர் மெயிலின் வாலில் தொங்கவிடாதீர்கள். அதற்குத் தனி மெயில், தனி சப்ஜெக்ட்.