புதிய மென்பொருள் வசதியை லிங்க்ட்இன்னில் அறிவிப்பது: ஒரு கேப்ஷனை முதல் வரியிலிருந்து எழுதுவோம்

நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பவர்கள் புதிய வசதி வந்ததும் லிங்க்ட்இன்னில் போடும் பதிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும்: "எங்கள் புதிய வசதியை அறிமுகப்படுத்துவதில் மகிழ்ச்சி அடைகிறோம்." மகிழ்ச்சி விற்பவருக்கு. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது, தன் அலுவலகத்தில் எந்த வேலை நாளை முதல் மாறும் என்பதுதான். அதை எப்படி எழுதுவது என்று ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

நம் உதாரணம் ஒரு கணக்கு மென்பொருள். கொள்முதல் பில்களை, சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைப் பட்டியலிடும் ஜிஎஸ்டி தளத்தின் 2பி அறிக்கையோடு தானாகவே ஒப்பிடும் வசதி அதில் புதிதாக வருகிறது. சப்ளையர் தன் தாக்கலில் காட்டாத பில்லுக்கு, வாங்கியவர் இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது அந்தப் பில்லில் கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இதுதான். அதனால் மாதந்தோறும் 14ஆம் தேதி 2பி வந்ததும் கணக்குப் பிரிவினர் எக்செல்லைத் திறந்து ஒவ்வொரு பில்லாகச் சரிபார்க்கிறார்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி தாக்கலுக்குக் கடைசி நாள் 20. இடையில் இருப்பது ஆறு நாள்.

எழுதும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மென்பொருளை உருவாக்கிய குழுவிடம் இவற்றுக்குப் பதில் வாங்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். எந்தத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடைக்கும்? இன்றே எல்லோர் திரையிலும் தெரியுமா, படிப்படியாக வருமா? பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்? எதை இது செய்யாது?

இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். பாதி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வசதி போய்ச் சேர்ந்திருக்கும்போதே பதிவு வெளியாகிவிடும். "எனக்கு அந்தப் பட்டனே தெரியவில்லையே" என்பது முதல் கமெண்ட்டாக விழும். புதிதாக வாங்க நினைப்பவர் பதிவோடு சேர்த்து அதையும் படிப்பார். கடைசி வாடிக்கையாளரின் கணக்கிலும் வசதி தெரிந்த பிறகே பதிவிடுங்கள். காத்திருக்க முடியாது என்றால், யாருக்கு எந்தத் தேதியில் வரும் என்பதைப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

யாருக்கு எழுதுகிறோம்

பணம் கொடுக்கும் முதலாளி, கையெழுத்திடும் ஆடிட்டர், தினமும் உட்கார்ந்து வேலை செய்யும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என மூவர் இருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே கேப்ஷனில் எழுதினால் யாருக்கும் ஒட்டாது. இந்த வசதிக்கு மேனேஜர்தான் சரியான ஆள். வலி அவருடையது; பதிவை முதலாளிக்கு அனுப்பி "இதைப் பார்க்கலாமா சார்" என்று கேட்கப் போகிறவரும் அவரே.

முதல் இரண்டு வரி

பதிவின் தொடக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, மீதியை "மேலும்" என்பதற்குப் பின்னால் லிங்க்ட்இன் மறைத்துவிடும். போனில் இன்னும் சீக்கிரமே வெட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே அடங்கும். ஆகவே நிறுவனத்தின் பெயரையும் வாழ்த்தையும் அங்கே வைக்காமல், மேனேஜர் தன் மேசையில் பார்க்கும் காட்சியை வையுங்கள்.

பலவீனமான தொடக்கம்: "ஜிஎஸ்டி ஒப்பீட்டை எளிமையாக்கும் அதிநவீன வசதி இதோ!" எந்த நிறுவனமும் இதை எழுதியிருக்கலாம்.

நம் தொடக்கம்: "சப்ளையர் தாக்கலில் INV/045. உங்கள் கணக்கில் INV-45. பில் ஒன்றுதான், எக்செல்லில் மட்டும் சேராது."

இந்த வேலையைச் செய்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இப்படி ஒரு வரி வேண்டுமென்றால் சப்போர்ட் குழுவுக்கு வந்த அழைப்புகளைக் கேளுங்கள். வாடிக்கையாளர் குறையைச் சொன்ன சொற்களே பெரும்பாலும் நல்ல முதல் வரியாக அமையும்.

நடுப்பகுதி: என்ன செய்யும், எங்கே நிற்கும்

முழு கேப்ஷன் இது:

> சப்ளையர் தாக்கலில் INV/045. உங்கள் கணக்கில் INV-45. பில் ஒன்றுதான், எக்செல்லில் மட்டும் சேராது.
>
> இனி சேரும். 2பி கோப்பை ஏற்றினால், பில் எண்ணில் உள்ள கோடு, சாய்கோடு, முன்னால் வரும் பூஜ்யம் ஆகியவற்றை விட்டுவிட்டு, ஜிஎஸ்டி எண்ணையும் வரித் தொகையையும் வைத்து எங்கள் மென்பொருள் ஒப்பிடும்.
>
> தொகையில் 1 ரூபாய் வரை வித்தியாசம் உள்ள பில்களைத் தானாகச் சேர்க்காது. தனிப் பட்டியலில் காட்டும், முடிவு உங்களுடையது.
>
> சப்ளையர் தாக்கலே செய்யாத பில்லை இது கொண்டுவராது. யாரைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலைத் தரும்.
>
> எல்லாத் திட்டங்களிலும் இன்று முதல், கூடுதல் கட்டணம் இல்லை. போன மாத 2பி-யை ஏற்றிப் பாருங்கள். வழிமுறை முதல் கமெண்ட்டில்.

நான்காவது பத்தியை எடுத்துவிடச் சொல்லி விற்பனைக் குழு வற்புறுத்தலாம், விட்டுக்கொடுக்காதீர்கள். சப்ளையர் தாக்கல் செய்யாத பில்லை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது என்று கணக்கு வேலை தெரிந்தவருக்குத் தெரியும். நீங்களே எல்லையைச் சொன்னால்தான் மற்ற வரிகளையும் நம்புவார். டெமோ பார்க்க வந்து ஏமாந்து போகிறவர்களும் குறைவார்கள்.

"80% நேரம் மிச்சம்" போன்ற எண்களை நாம் எங்கும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை நிறுவனங்களில், எத்தனை பில்களில் அளந்தது என்று ஒருவர் கேட்டால் பதில் இருக்க வேண்டும். அளந்திருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயரையோ அவருடைய திரையின் ஸ்கிரீன்ஷாட்டையோ போடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி கிடைத்தாலும் படத்தில் தெரியும் சப்ளையர்களின் பெயர், ஜிஎஸ்டி எண், தொகையை மறைக்க வேண்டும்; மாதிரித் தரவை வைத்தே படம் எடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

வாசகரிடம் ஒரே ஒரு செயலை மட்டும் கேளுங்கள். "டெமோவுக்குப் பதியுங்கள், பக்கத்தைப் பின்தொடருங்கள், நண்பரை டேக் செய்யுங்கள்" என்று மூன்று கேட்டால் எதையும் செய்யாமல் நகர்ந்துவிடுவார்.

பதிவிடும்போது

லிங்க்ட்இன் பதிவில் தடித்த எழுத்து வசதி கிடையாது. வெளித் தளங்களில் மாற்றி ஒட்டும் தடித்த ஆங்கில எழுத்துகள் உண்மையில் கணிதக் குறியீடுகள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் அவற்றைச் சரியாக வாசிப்பதில்லை, தேடலிலும் சிக்குவதில்லை. பத்திகளுக்கிடையே ஒரு வெற்று வரி விடுங்கள், போதும்.

பதிவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிய, இணைப்பில் அடையாளம் சேர்த்து அனுப்புங்கள்:

```
https://example.com/2b?utm_source=linkedin&utm_medium=social&utm_campaign=2b_match
```

அடையாளங்கள் அனைத்தையும் சிறிய எழுத்திலேயே வையுங்கள். ஒருமுறை LinkedIn, மறுமுறை linkedin என்று எழுதினால் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடும்.

நாளும் முக்கியம். 19ஆம் தேதி யாரும் புதிய வசதியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். அன்று தாக்கலை முடிப்பதே பாடு. 10 முதல் 12க்குள் பதிவிட்டால், போன மாதக் கோப்பில் பழகிப் பார்த்துவிட்டு 14ஆம் தேதிக்குத் தயாராக இருப்பார்கள்.

வெளியிட்டதும் உங்கள் போனில் திறந்து, முதல் வரி எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். சொற்களைப் பிறகும் திருத்தலாம். படத்தை மாற்ற முடியாது, நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் படத்தை முன்னதாகவே இருவர் பார்க்கட்டும். அன்று முழுக்க, வசதியை உருவாக்கியவர்களில் ஒருவர் கமெண்ட்டுகளுக்குப் பதில் சொல்லக் காத்திருக்க வேண்டும். "கிரெடிட் நோட்டையும் சேர்க்குமா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு "இன்பாக்ஸில் பேசலாம்" என்று எழுதாமல், சேர்க்கும் அல்லது சேர்க்காது என்று அங்கேயே சொல்லுங்கள். அதே சந்தேகத்தோடு இன்னும் பலர் அந்தக் கமெண்ட்டைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.