கிரியேட்டின் லேபிளில் லாக்டோஸ், குளூட்டன், சோயா இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டை ஆலைகளில் சார்கோசின், சயனமைடு என்ற இரண்டு வேதிப்பொருட்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள். பாலோ கோதுமையோ சோயாவோ அதற்குத் தேவையே இல்லை. பிறகு எப்படி அவை டப்பாவுக்குள் வருகின்றன? சுவைக்காகவோ, எளிதில் கரைவதற்காகவோ, மாத்திரையாக அழுத்துவதற்காகவோ சேர்க்கும் பொருட்களோடு வரலாம். அல்லது அதே இயந்திரத்தில் முன்பு ஓடிய வேறொரு பவுடரின் மிச்சமாக ஒட்டிக்கொண்டு வரலாம். முதல் வழியை லேபிளிலேயே பிடித்துவிடலாம். இரண்டாவதைப் பெரும்பாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 1: உங்களுக்கு ஆகாதது எது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பால் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். லாக்டோஸ் செரிக்காதவர்களுக்குப் பிரச்சினை பாலில் உள்ள சர்க்கரை. அங்கே அளவுதான் முக்கியம். அவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளர் பாலில் இருக்கும் அளவை, பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். ஒரு கிரியேட்டின் மாத்திரையில் நிரப்புபொருளாகச் சேரும் லாக்டோஸ் சில நூறு மில்லிகிராமைத் தாண்டுவது அரிது.

பால் ஒவ்வாமை வேறு. அங்கே உடல் எதிர்ப்பது பால் புரதத்தை. லாக்டோஸைப் பாலிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள் என்பதால் அதில் புரதத்தின் துளி எச்சம் இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வாமை உள்ளவர் அளவைப் பார்க்காமல் அந்த டப்பாவைத் தவிர்க்க வேண்டும். "லாக்டோஸ் ஃப்ரீ" என்ற வாசகமும் இவருக்கு உதவாது. சர்க்கரையை நீக்கிய பிறகும் புரதம் அப்படியே இருக்கலாம்.

படி 2: ஒரு ஸ்கூப்பின் எடையையும் கிரியேட்டின் அளவையும் ஒப்பிடுங்கள்

ஊட்டச்சத்து அட்டவணையில் "ஒரு பரிமாறல்" எத்தனை கிராம், அதில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எத்தனை கிராம் என்று பாருங்கள். இரண்டும் 5 கிராம் என்றால் வேறெதற்கும் இடமில்லை. பரிமாறல் 9 கிராம், கிரியேட்டின் 5 கிராம் என்றால் மீதி 4 கிராம் என்ன என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய கேள்வி.

இதில் ஒரு சறுக்கல் உண்டு. சில லேபிள்களில் பரிமாறல் 3.4 கிராம், கிரியேட்டின் 3 கிராம் என்று இருக்கும். மீதி 0.4 கிராமைப் பார்த்து ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம். மோனோஹைட்ரேட்டின் எடையில் ஏறக்குறைய 88 சதவீதம்தான் கிரியேட்டின், மற்றது அதோடு பிணைந்திருக்கும் நீர். 3.4 கிராமில் 88 சதவீதம் என்றால் 3 கிராம், கணக்கு சரியாகிவிடுகிறது.

படி 3: மூலப்பொருள் பட்டியலைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். ஆனால் ஒவ்வாமைப் பொருட்கள் பெரும்பாலும் கடைசி வரிகளிலும் அடைப்புக்குறிக்குள்ளும்தான் இருக்கும்.

- பாலுக்கு: வே, கேசின், கேசினேட், பால் திடப்பொருள், லாக்டோஸ். லாக்டிக் அமிலமும் லாக்டேட்டும் பெயரில்தான் நெருக்கம். அவற்றைப் பொதுவாகத் தாவரச் சர்க்கரையை நொதிக்கவைத்துத் தயாரிப்பதால் அவை லாக்டோஸ் அல்ல.
- குளூட்டனுக்கு: கோதுமை, பார்லி, ரை, மால்ட். "குளூட்டமின் பெப்டைடு" என்று இருந்தால் நின்று கவனியுங்கள். பல சமயம் அது கோதுமைப் புரதத்தை உடைத்துச் செய்தது. வெறும் "எல்-குளூட்டமின்" அப்படிப்பட்டதல்ல. மால்டோடெக்ஸ்ட்ரினும் மால்ட் அல்ல. பெரும்பாலும் சோளம், அரிசி, மரவள்ளி, உருளைக்கிழங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. கோதுமையிலிருந்தும் எடுப்பதுண்டு, அப்போதும் குளூட்டன் பெரும்பகுதி நீங்கிவிடும். குளூட்டன் பட்டாலே குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகள் மூலத்தைக் கேட்டுவிடுவது நல்லது.
- சோயாவுக்கு: சோயா லெசித்தின், அல்லது உணவுச் சேர்க்கைப் பொருளின் எண்ணாக வெறும் ஐ.என்.எஸ் 322. இந்த எண் லெசித்தினைக் குறிக்கிறதே தவிர அது சோயாவா சூரியகாந்தியா என்று சொல்வதில்லை.

சிலிக்கான் டை ஆக்சைடு (551), சிட்ரிக் அமிலம் (330), சுக்ரலோஸ் (955), மெக்னீசியம் ஸ்டியரேட் ஆகியவை இந்த மூன்றில் எதிலும் சேராதவை. இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

படி 4: ஒரு லேபிளை முழுதாகப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு பழச்சுவை கிரியேட்டின் டப்பாவை எடுத்துக்கொள்வோம். பரிமாறல் 9 கிராம். பட்டியல் இப்படி இருக்கிறது: கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 5 கிராம், பி.சி.ஏ.ஏ (குழம்பாக்கி 322), மால்டோடெக்ஸ்ட்ரின், சிட்ரிக் அமிலம், சுவையூட்டி, சுக்ரலோஸ். கீழே "சோயா உள்ளது" என்றும், "பால், கோதுமை கையாளும் ஆலையில் தயாரிக்கப்பட்டது" என்றும் இரண்டு வரிகள்.

சோயா எங்கிருந்து வந்தது? கிரியேட்டினிலிருந்து இல்லை. பி.சி.ஏ.ஏ அமினோ அமிலங்கள் தண்ணீரில் போட்டால் மேலேயே மிதக்கும். அவை நனைந்து கரைய வேண்டும் என்பதற்காக லெசித்தினை மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். 322-இன் மூலம் பட்டியலில் எழுதப்படாவிட்டாலும் "சோயா உள்ளது" என்ற வரி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

லாக்டோஸ் மட்டும் செரிக்காதவர் இதைத் தாராளமாக எடுக்கலாம். பால் ஒவ்வாமை உள்ளவரை ஆலை பற்றிய வரி தடுக்கிறது. சீலியாக் நோயாளிக்கு அதே வரியோடு மால்டோடெக்ஸ்ட்ரினின் மூலமும் தெரியாததால் இது வேண்டாம். சோயா ஒவ்வாமைக்காரர்களில் பலருக்கு லெசித்தினில் மிஞ்சும் நுண்ணளவு புரதம் தொந்தரவு தருவதில்லை, ஆனால் சிலருக்குத் தரும். மருத்துவர் சொல்லாமல் முயன்று பார்க்காதீர்கள். சுவையில்லாத, ஒரே மூலப்பொருள் கொண்ட டப்பா இருக்கும்போது அந்த அபாயத்துக்கு அவசியமும் இல்லை.

படி 5: எச்சரிக்கை வரி இல்லாததை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

"இருக்கக்கூடும்" என்ற வகை எச்சரிக்கை பல நாடுகளில் கட்டாயமில்லை. அதை எழுதாத நிறுவனமும் அதே இயந்திரத்தில் வே புரதம் நிரப்பியிருக்கலாம். "குளூட்டன் ஃப்ரீ" என்பதற்கு அளவுகோல் உண்டு: சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸின்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அந்த எல்லையிலேயே இருந்தாலும் 5 கிராம் ஸ்கூப்பில் 0.1 மில்லிகிராம்தான் வரும்.

கடுமையான ஒவ்வாமை இருந்தால் டப்பாவின் அடியில் உள்ள பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். கேள்வி இப்படி இருக்கட்டும்: "இந்த பேட்ச் நிரப்பப்பட்ட இயந்திரத்தில் பால் புரதம், கோதுமை, சோயா ஓடுகிறதா? ஓடினால், கழுவிய பிறகு ஒவ்வாமைப் புரதச் சோதனை செய்கிறீர்களா? முடிவை அனுப்ப முடியுமா?" "எங்கள் பொருள் பாதுகாப்பானது" என்று மட்டும் பதில் வந்தால், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றே கொள்ளுங்கள்.

லேபிள் சரியாக இருந்தும் வயிறு கலங்கினால்

உடனே லாக்டோஸைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரே வேளையில் 10 கிராம் எடுத்தால் தூய கிரியேட்டினே சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தரும். அதே டப்பாவில் வேளைக்கு 3 கிராமாகக் குறைத்து, உணவோடு எடுத்துப் பாருங்கள். தொந்தரவு நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் அளவுதான். ஆனால் தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் இந்தச் சோதனைக்கே இடமில்லை. பவுடரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவியை நாடுங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.