புதியவருக்குக் கூடுதல் சம்பளமா?

கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்குப் பிரிவு என்று வைப்போம். ஆறு வருடமாக இருக்கும் அக்காவுக்கு 95,000 ரூபாய், புதிதாக வந்த தம்பிக்கு 110,000. அவருக்கு வேலை பழக்குவதும் அக்காதான்.

உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ் 1963இல் சொன்னது இதைத்தான்: தன் உழைப்புக்குக் கிடைப்பதை, மற்றவர் உழைப்புக்குக் கிடைப்பதோடு வைத்துப் பார்க்கிறோம். பொருந்தாவிட்டால் பலர் உழைப்பைக் குறைத்துச் சமப்படுத்துவார்கள். தம்பி சந்தேகம் கேட்டால் "மெனேஜரிட்ட கேளுங்கோ" என்று பதில் வரத் தொடங்கும்.

சம்பளம் பற்றிப் பேசக்கூடாது என்று தடை போடுவது வீண். தேநீர் நேரத்தில் எப்படியும் வெளிவரும். கூடக் கொடுத்த காரணத்தை மெனேஜரே சொல்லட்டும். உடனே சம்பளம் கூட்ட முடியாதா? சரி, பழக்கும் வேலையை அக்காவின் பொறுப்பாக எழுத்தில் பதிந்து, மாத முடிவு வங்கிக் கணக்குச் சரிபார்ப்பில் பாதியைத் தம்பிக்கு மாற்றலாம். சம்பளத் திருத்தம் எந்த மாதம் என்றும் சொல்லிவிட வேண்டும். வெறும் பாராட்டுக் கடிதம் கொடுத்தால் கோபம்தான் கூடும்.