ரத்ததான ஹெல்ப்லைன்ல கால் மிஸ் ஆகாம இருக்க நாங்க செஞ்சது

எங்க ரத்ததான குழுவுக்கு ஹெல்ப்லைனுக்குன்னு தனி சிம் வாங்கி ஒரு சின்ன பட்டன் போன்ல போட்டோம். காலை 7லருந்து ராத்திரி 9 வரைக்கும் நேரம், ரெண்டு ஷிஃப்ட், மதியம் 2 மணிக்கு போன் கை மாறும்.

யாரும் எடுக்கலன்னா இன்னொரு தன்னார்வலர் அக்கா நம்பருக்கு போகணும்னு கால் ஃபார்வர்ட் போட்டாச்சு, சரியா போச்சுன்னு நெனச்சேன். ஒருநாள் ஒருத்தர் நேர்லயே வந்து "காலையிலருந்து அடிக்கிறேன், ஸ்விட்ச் ஆஃப்னே வருது தம்பி"ன்னு சொன்னப்ப ரொம்ப கஷ்டமா போச்சு. பாத்தா சார்ஜ் தீந்து போன் அணைஞ்சு கெடக்கு.

விஷயம் என்னன்னா ஃபார்வர்ட்ல மூணு நிலைமை தனித்தனியா இருக்கு, எடுக்கலன்னா, பிஸியா இருந்தா, போன் கிடைக்கலன்னா. நான் மொதலாவத மட்டும்தான் போட்டிருந்தேன். கால் செட்டிங்ஸ்ல போய் மூணுக்கும் அக்கா நம்பர குடுத்து, போன அணைச்சு வச்சு வேற நம்பர்லருந்து அடிச்சுப் பாத்தேன், அவங்களுக்கு மணி அடிச்சுது. (ஃபார்வர்ட் ஆகுற காலுக்கு நம்ம சிம்லதான் காசு போகலாம், பிளான பாத்துக்கோங்க.)

அக்காவும் எடுக்கலன்னா? தெனம் 2 மணிக்கும் 9 மணிக்கும் ரெண்டு போன்லயும் மிஸ்டு கால் பாத்து, நோட்டுல எழுதி, திருப்பிக் கூப்பிட்டதும் டிக் போடுறோம். போன் அணைஞ்சிருந்தப்ப வந்த கால் ஹெல்ப்லைன் போன்ல தெரியவே தெரியாது, அக்கா போன்ல மட்டும்தான் இருக்கும்.